இரவு 11.05-க்குப் போன அறிவிப்பு: ஒரு ஜவுளிக்கடைத் தீயும் கடையின் முதல் வார்த்தையும்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் ஒரு சின்ன ஊர். அதன் கடைத்தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று. முன்கட்டில் வியாபாரம், பின்கட்டில் குடோன். முன்கட்டின் மேல்மாடியில், கடையில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பெண்கள் ஆறு பேர் தங்கும் அறை. ஆடிப்பெருக்குக்குச் சில நாட்களே இருந்த ஒரு புதன்கிழமை, இரவு 9.30-க்குக் கடையைச் சாத்தினார்கள். 9.50-க்குப் பின்கட்டு ஜன்னலிலிருந்து புகை வருவதைப் பின்சந்தில் டீக்கடை வைத்திருப்பவர் பார்த்தார். 9.52-க்கு 101-க்கு போன் போனது. தீ முழுவதும் அடங்க 12.30 ஆயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. இருவர் புகையை உள்ளிழுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். குடோனில் இருந்த சரக்கு அநேகமாக எல்லாம் போயிற்று.

தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, 11.05-க்கு, கடை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அரைப் பக்கம் கூட வராது. அதை எழுத உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். ஊர் வணிகர் சங்கத்துக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பவன் என்பதால் மேனேஜர் போன் செய்து கூப்பிட்டார். எந்த வரி ஏன் நின்றது, எந்த வரியை ஏன் அடித்தோம், எதற்காகக் காத்திருந்தோம் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கடையின் பெயர், ஊரின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இதில் வராது.

முதல் கேள்வி ஆட்களைப் பற்றியது

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. முதலாளி எதிர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இருபது பேர், இருபது போன். அதற்குள் ஊர் வாட்ஸப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்ற ஆரம்பித்திருந்தது: "உள்ள நாலு பொண்ணுங்க மாட்டிக்கிச்சாம், எல்லாரும் வாங்க."

டெல்டாவில் இந்தச் செய்தி எப்படி இறங்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த நாளை நேரில் பார்த்தவர்கள், பிள்ளையைத் தேடி ஓடியவர்கள், ஓடியவர்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். "உள்ளே மாட்டிக்கொண்டார்கள்" என்று கேட்டால் இங்கே யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 10.20-க்கே சுற்றுக் கிராமங்களிலிருந்து அப்பாக்களும் அண்ணன்களும் வந்து இறங்கத் தொடங்கினார்கள்.

கடையின் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் அதற்குள் ஒரு வாசகம் தயார் செய்து காட்டினார். "வாடிக்கையாளர்களின் பேராதரவோடு வளர்ந்த எங்கள் நிறுவனத்தில் எதிர்பாராத விதமாக மின்கசிவு காரணமாகச் சிறிய தீ விபத்து ஏற்பட்டது. அனைவரும் பாதுகாப்பாக உள்ளனர். வதந்திகளை நம்ப வேண்டாம். விரைவில் புதுப்பொலிவுடன் சந்திப்போம்." மேலே கடையின் சின்னம், ஆடித் தள்ளுபடியின் மஞ்சள் பட்டை.

அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அதில் உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தீப்பிடித்தது. மின்கசிவு என்று யாருக்கும் தெரியாது. சிறிய தீ என்பது, அணையாத தீயின் முன்னால் நின்றுகொண்டு சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. அனைவரும் பாதுகாப்பு என்பதை அதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமல் சொன்ன அந்த வரிதான் இருப்பதிலேயே ஆபத்தானது. யாராவது ஒருவர் உண்மையிலேயே உள்ளே இருந்தால், அந்த வரியை நம்பித் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் எழுதுவதற்கு முன் எண்ணினோம். இந்த வேலையைச் செய்தது கேஷ் கவுன்டரில் உட்காரும் அக்கா. வருகைப் பதிவேடு முன்கட்டு மேஜையில் இருந்தது. கடைப் பையன் ஒருவன் அதை எடுக்கப் போகிறேன் என்றபோது தீயணைப்பு அலுவலர் உள்ளே விடவில்லை. அது சரி. அக்காவின் போனில் சம்பளப் பட்டியலின் படம் இருந்தது. அதில் 34 பேர். அன்றைக்கு மூன்று பேர் லீவு, ஆக வந்தவர்கள் 31. அக்கா ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 31 பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவராகப் போன் போட்டார். குரலைக் கேட்டால்தான் டிக். "அவ கெளம்பிட்டான்னு நெனக்கிறேன்" என்று இன்னொருவர் சொன்னால் டிக் கிடையாது, ஒரு புள்ளி மட்டும். புள்ளி வைத்தவர்களுக்குத் திரும்பவும் போன்.

இது சுலபமாக நடக்கவில்லை. கடை சாத்தி அதிக நேரம் ஆகவில்லை. பாதிப் பேர் பஸ்ஸில் இருந்தார்கள், சத்தத்தில் ரிங் கேட்கவில்லை. சிலர் போனைப் பையில் போட்டிருந்தார்கள். மேல்மாடியில் தங்கும் ஆறு பேரில் மூவர் முன்படி வழியாக இறங்கித் தெருவில் நின்றார்கள். இருவர் பதற்றத்தில் பின்படி வழியாக இறங்கிப் புகைக்குள் வந்து, 108 ஆம்புலன்ஸில் ஏற்கெனவே போயிருந்தார்கள். கூடவே ஒரு பணியாளரும் மேனேஜரின் தம்பியும் போயிருந்தார்கள். ஆறாவது பெண் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

10.35-க்கு 30 பெயருக்கு டிக் விழுந்திருந்தது. ஒரு பெயருக்குப் புள்ளி.

அந்த ஒரு புள்ளிக்காகக் காத்திருந்த நேரம்

முதல் வேலையாக, அந்தப் பெண்ணின் பெயர், வயது, எந்த அறை, எந்தப் பக்கக் கட்டில் என்பதை அக்கா நேராகத் தீயணைப்பு அலுவலரிடம் போய்ச் சொன்னார். அறிவிப்பு எல்லாம் அதற்கப்புறம். உள்ளே போகும் வீரர்களுக்குத் தேவையான ஒரே தகவல் அதுதான். அதைக் கடைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டு "முதலில் விசாரிப்போம்" என்று இருப்பதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். மேல்மாடிக்குத் தீ அதுவரை ஏறவில்லை. வீரர்கள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு போய் அறையைப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றார்கள். அறை காலி என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாள் என்பதற்கு அது போதாது. பின்படியில் இருக்கலாம், குடோன் பக்கம் போயிருக்கலாம்.

வெளியே நெருக்கடி ஏறிக்கொண்டே போனது. நிருபர்கள் இருவர் வந்துவிட்டார்கள். சங்கத்தில் ஒருவர், "முப்பது பேர் பத்திரம்னு போடுங்க, ஒண்ணு ரெண்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்படிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 31-ல் 30 என்று படிக்கும் 31 குடும்பமும், அந்த மிச்சம் ஒன்று தன் பெண்தான் என்றே எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அப்போதே முடிவு செய்தோம். 11 மணி வரை. அதற்குள் தெரியாவிட்டால் போவதற்கு வேறொரு வரியை எழுதி வைத்தோம்: "பணிக்கு வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உறுதிசெய்து வருகிறோம். இந்த வேலை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் உடனே சொல்கிறோம்." அதில் எண்ணிக்கையும் இல்லை, பத்திரம் என்ற வார்த்தையும் இல்லை. ஆனால் அது பொய் இல்லை. அதை வெளியிடுவதற்கு முன் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு முதலாளியே பேசுவது என்றும் முடிவு. தெருவில் படித்துத் தெரிந்துகொள்ள விடக் கூடாத செய்தி அது.

அவளுடைய அப்பா 10.45-க்கு நேரிலேயே வந்துவிட்டார். "எம் பொண்ணு எங்க?" என்றார். மேனேஜர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "ரூம்ல இல்லீங்க, ஆபீசருங்க உள்ள போயி பாத்துட்டாங்க. எங்க இருக்குன்னு எங்களுக்கு இன்னும் தெரியல. தேடிக்கிட்டு இருக்கோம். நீங்க எங்கூடவே இருங்க, தெரிஞ்சா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்." ஆறுதலுக்காகக் கூட "ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்லவில்லை. அவரைத் தனியாக விடவும் இல்லை.

10.55-க்குப் போன் வந்தது. கடை சாத்தியதும் பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறாள், போனில் சார்ஜ் இல்லை. சித்தி வீட்டுப் பையன் தெருவுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறான். போனை அக்கா அப்படியே அப்பாவிடம் கொடுத்தார். அவர் பேசி முடித்த பிறகு 31-ஆவது டிக்.

வெளியான வாசகம்

இதுதான் முழு அறிவிப்பு:

"புதன் இரவு 11.05 மணி.

இன்று இரவு 9.50 மணியளவில் எங்கள் கடையின் பின்கட்டில் தீப்பிடித்தது. தீயணைப்புத் துறையினர் தீயை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தீப்பிடித்தபோது கடை மூடியிருந்தது. வாடிக்கையாளர் யாரும் உள்ளே இல்லை. இன்று வேலைக்கு வந்த 31 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவராக உறுதிசெய்துவிட்டோம். புகையால் மூச்சுத்திணறிய இருவர் மருத்துவமனையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டோம். கடையிலிருந்து இருவர் அவர்களுடன் இருக்கிறார்கள்.

தீ எப்படிப் பிடித்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதைத் தீயணைப்புத் துறையும் காவல் துறையும் விசாரிப்பார்கள். அவர்கள் கேட்பதை எல்லாம் கொடுப்போம்.

பணியாளர் குடும்பத்தினர் கீழே உள்ள எண்ணில் பேசலாம். தீயணைப்பு வண்டிகள் வந்துபோக வேண்டியிருப்பதால் கடைத்தெருவுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த தகவல் நாளை காலை 8 மணிக்கு."

கீழே முதலாளியின் பெயர். "நிர்வாகம்" என்று போடலாம் என்றார்கள். ஊரில் எல்லோருக்கும் முகம் தெரிந்த மனிதர், இந்த நேரத்தில் பெயர் போடாமல் இருந்தால் ஒளிந்துகொண்டதாகத்தான் படும். எண் அக்காவுடையது. அவரிடம்தான் பட்டியல் இருந்தது, யார் கேட்டாலும் பார்த்துச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

நேரத்தை உச்சியில் போட்டதற்குக் காரணம் உண்டு. வாட்ஸப்பில் போகும் வாசகம் மறுநாளும் சுற்றும், அடுத்த வாரமும் சுற்றும். "அணைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று காலையில் படிப்பவர், இன்னும் எரிகிறது என்று நினைப்பார். நேரம் மேலே இருந்தால் பழசு எது புதுசு எது என்று அவரே பார்த்துக்கொள்வார். கடையின் சின்னமும் தீயின் படமும் போடவில்லை.

வாடிக்கையாளர் யாரும் உள்ளே இல்லை என்ற வரிக்கு ஆதாரம் கேட்டு வாங்கினோம். வாட்ச்மேன் ஒவ்வொரு தளமாகப் பார்த்து விளக்கணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன் என்றார். அக்கா 9.25-க்குக் கடைசி பில் போட்டிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் அந்த வரி உள்ளே வந்தது.

"மின்கசிவு" ஏன் வரவில்லை

அன்றிரவு என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. எல்லோருக்கும் தெரிந்த காரணம்தானே, போட்டால் என்ன என்றார்கள்.

எரிந்த கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தால் ஒயர் உருகித்தான் இருக்கும். எந்தக் காரணத்தால் எரிந்தாலும் அப்படித்தான். தீயின் சூட்டில் ஒயரின் உறை எரிந்து, இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டு, அங்கே ஒரு பொறி வந்து செம்பு உருண்டையாக உருகி நிற்கும். ஒயரால் தீ வந்தாலும் அதே உருண்டை, தீயால் ஒயர் கெட்டாலும் அதே உருண்டை. அதை வைத்து மட்டும் முன்பின் சொல்வது துறை சார்ந்தவர்களுக்கே கடினம். மின்பலகையில் பிரேக்கர் விழுந்து கிடப்பதும் அப்படித்தான். தீ ஒயரை எரித்ததால்கூட அது விழுந்திருக்கலாம். எந்த இடத்தில் முதலில் பிடித்தது, அங்கே என்ன இருந்தது, அப்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரவில், வெளியில் நின்றுகொண்டு, முதலாளியால் அது முடியாது.

அந்த வார்த்தை ஒரு ஆளையும் சுட்டும். அதற்கு முந்தைய வாரம் குடோனில் விளக்கு மாற்றிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அதே ஊர்க்காரர், சின்னப் பையன். மின்கசிவு என்று கடையே எழுதிவிட்டால், காலையில் ஊர் அவன் வீட்டு வாசலில் நிற்கும். யார் பெயரையும் சொல்லாமலேயே ஒருவனைக் குற்றவாளி ஆக்கியிருப்போம்.

காப்பீடும் இருக்கிறது. வழக்கமான தீ காப்பீட்டில், ஷார்ட் சர்க்யூட்டால் தீ பரவி எரிந்த சரக்குக்கு இழப்பீடு உண்டு. எந்தக் கருவியில் அது நடந்ததோ அந்தக் கருவிக்கு மட்டும் கிடையாது. ஆகவே மின்கசிவு என்று சொன்னாலே பணம் போய்விடும் என்று சிலர் பயப்படுவதும் சரியில்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். பொது அறிவிப்பில் ஒரு காரணம், கிளெய்ம் படிவத்தில் ஒரு காரணம், தீயணைப்புத் துறை அறிக்கையில் ஒரு காரணம் என்று மூன்று மூன்றாக இருந்தால், காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவருக்கு அந்தத் தொல்லை வராது.

அதனால்தான் "எங்களுக்குத் தெரியாது" என்று நேராகவே எழுதினோம். "காரணம் விசாரணையில் உள்ளது" என்பதை விட அது மனிதர் பேசுவது போல இருக்கிறது.

நிருபர்களிடமும் அதே பேச்சு. அவர்களில் ஒருவர் முதலாளிக்குப் பழக்கம். "மின்கசிவுதானே அண்ணே?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது தம்பி. ஆபீசருங்க பாத்துட்டுச் சொல்லட்டும். நான் சொன்னா அது நான் சொன்னதா ஆயிடும்" என்றார் முதலாளி. மறுநாள் செய்தியில் "மின்கசிவு காரணமாக இருக்கலாம் எனக் கூறப்படுகிறது" என்றுதான் வந்தது. அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கடைக்காரர் கூறினார் என்று வரவில்லை.

அடித்துவிட்ட மற்ற வரிகள்

"லேசான மூச்சுத்திணறல்தான், இருவரும் நலம்" என்று முதல் வரைவில் ஒரு வரி இருந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்த தம்பி, "நல்லாத்தான் பேசுறாங்க" என்று சொன்னதை வைத்து எழுதியது. துணிக்குடோன் புகையைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பாலியெஸ்டரும் நைலானும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நைலானிலிருந்து சயனைடு வாயுவும் வரும். புகை குடித்தவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். தொண்டையும் மூச்சுக்குழாயும் வீங்குவது பல மணி நேரம் கழித்துக்கூட நடக்கலாம், அதற்காகத்தான் டாக்டர்கள் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். நலம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், குடும்பத்திடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் பெயரையும் பெண்களின் பெயரையும் விட்டதும் அந்தக் குடும்பங்களுக்காகத்தான். பெயர் போனால் விடியும் முன் வார்டு வாசலில் கூட்டம் கூடிவிடும்.

"உரிய தீத்தடுப்பு வசதிகளுடன் இயங்கி வந்தது" என்ற வரியை முதலாளி விரும்பினார். தீயணைப்புத் துறை தரும் தடையின்மைச் சான்றை எப்போது புதுப்பித்தது என்று கேட்டேன். தேதி சட்டென்று அவருக்கு நினைவில்லை. தாள் இருந்த அலமாரி முன்கட்டு ஆபீஸில், உள்ளே போக முடியாது. தீயணைப்பான் சிலிண்டர்களை எப்போது நிரப்பினார்கள் என்பதும் அப்படியே. இருக்கிறது என்று தெரிந்தாலும்கூட, அந்த இரவில் அந்த வரி கடை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வது போலத்தான் ஒலிக்கும். பெண்கள் மேல்மாடியில் தங்கியிருந்த கட்டடம் அது. அதைப் பற்றிக் கேள்வி வரும், வரவும் வேண்டும். பதில் சொல்ல வேண்டிய இடம் விசாரணை.

சேத மதிப்பு பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. சரக்குக் கணக்கு, அந்த மாதக் கொள்முதல் பில், எரிந்தது, நனைந்தது, புகை பிடித்தது என்று பிரித்துச் சர்வேயர் மதிப்பிடும் வேலை அது. சரக்கின் மேல் பாங்கில் கடன் இருந்தது. பாங்குக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் காலையில் எழுத்தில் தகவல் போனது. சர்வேயர் பார்க்கும் வரை குப்பையைக்கூட அள்ளக் கூடாது என்று மேனேஜரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வாசலைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று அவருக்குக் கை பரபரத்தது.

"வதந்திகளை நம்ப வேண்டாம்" என்பதையும் எடுத்தோம். நாலு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டவருக்கு வேண்டியது, 31 பேரும் எங்கே என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டோம் என்ற வரி. அது வந்த பிறகு குரல்பதிவு தானாகவே நின்றது. அதை அனுப்பியவரும் கெட்டவர் இல்லை, பயந்துபோன ஒரு அக்கம்பக்கத்துக்காரர்.

வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் ஏன் இல்லை என்று சங்கத்தில் ஒருவர் பின்னால் கேட்டார். வருந்துகிறோம் என்று எழுதுவதில் தவறில்லை, அதனால் பழி வந்து சேர்ந்துவிடாது. ஆனால் அன்றைக்கு இருந்த இடத்தில், "வீட்டுக்குச் சொல்லிவிட்டோம், கடையிலிருந்து இருவர் உடன் இருக்கிறார்கள்" என்பது அந்தக் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மருத்துவச் செலவு முழுவதும் ஏற்போம் என்று முதல் அறிவிப்பில் போடாததற்குக் காரணம், முதலாளி அதை இன்னும் அண்ணனிடம் பேசி முடிவு செய்யவில்லை. கூட்டு வியாபாரம். இரவு ஒரு மணிக்குப் பேசி முடித்துவிட்டார்கள், காலை அறிவிப்பில் வந்தது.

அறிவிப்புக்கு வெளியே நிறுத்த வேண்டியவை

அறிவிப்பு போகும் அதே நேரத்தில் உள்ளூர் கேபிளில் அந்தக் கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த யாரோ சொல்லித்தான் தெரிந்தது. விடிந்தால் மூன்று ஆட்டோக்கள் மைக் கட்டி கிராமம் கிராமமாகப் போவதாக ஏற்பாடு. விளம்பரத் தம்பி கேபிள்காரரை எழுப்பி நிறுத்தச் சொன்னார், ஆட்டோக்களுக்கும் சொன்னார். முதலில் வாசகம் எழுதிக் காட்டியது அவர்தான். அன்றிரவு கடையின் மானத்தைக் காத்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

தடுக்க முடியாமல் போனது ஒன்று உண்டு. முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் குடும்பக் குழுவில், "இது யாரோ வேணும்னே செஞ்ச வேலை" என்று எழுதியது விடிவதற்குள் ஊர்க் குழுவுக்கு வந்துவிட்டது. போட்டிக் கடைக்காரர் காலையில் முகம் சிவந்து வந்தார். அவர் தன் கடைப் பையன்களை அனுப்பி இரவு முழுக்க வாளியில் தண்ணீர் சுமக்க வைத்தவர். முதலாளி அவர் கடைக்கே போய் உட்கார்ந்து பேசினார். அதைப் பற்றி எந்த அறிவிப்பிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால், அதுவரை கேள்விப்படாதவர்களுக்கும் அந்தச் சந்தேகத்தைக் கொண்டு சேர்த்திருப்போம். குடும்பத்தில் எல்லோரும் பேசாமல் இருக்க வேண்டும் என்று இரவிலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

இன்னொரு குறை, ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களில் ஒருத்தியின் வீட்டுக்குக் கடையிலிருந்து போன் போவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே வந்து, "நீங்க ஏங்க சொல்லல" என்று கேட்டார். கடைப் பதிவில் இருந்த எண் பழைய எண். வேலைக்குச் சேரும்போது எழுதிக்கொள்ளும் வீட்டு எண்ணை யாரும் பிறகு சரிபார்ப்பதில்லை. எவ்வளவு கவனமாக எழுதினாலும் அறிவிப்பால் இதைச் சரிசெய்ய முடியாது.

காலை 8 மணி

சொன்ன நேரத்துக்கு இரண்டாவது அறிவிப்பு போனது. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 8 மணிக்கு "இன்னும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, மாலை 5 மணிக்குச் சொல்கிறோம்" என்றாவது போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். ஆனால் சொல்ல நிறைய இருந்தது.

தீ 12.30-க்கு அணைந்தது. ஒருவர் வீடு திரும்பினார், மற்றவரை டாக்டர்கள் கவனிப்பில் வைத்திருக்கிறார்கள் (இதை அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டு எழுதினோம்). இருவரின் மருத்துவச் செலவும் கடையுடையது. அடுத்ததாகப் பணியாளர்களுக்கான வரி: கடை திறக்கும் வரை வேலை இல்லாத நாட்களுக்கும் சேர்த்து இந்த மாதச் சம்பளம் வழக்கமான தேதியில் வரும். மேல்மாடி அறையில் இருந்தவர்களுக்கு முதலாளியின் அக்கா வீட்டில் தங்க ஏற்பாடு. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு முதல் நாள் இரவிலிருந்தே இருந்த கவலை, "இனிமே கடை இருக்குமா, நாங்க ஊருக்குப் போயிடணுமா" என்பதுதான். கடை எப்போது திறக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை, அதிகாரிகள் அனுமதித்த பிறகு என்று மட்டும் சொன்னோம். ஆனால் சம்பளம் முதலாளி கையில் இருப்பது, அதைச் சொல்ல முடியும்.

பிறகு வாடிக்கையாளர். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள், ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள். தையல் பகுதி முன்கட்டில் இருந்ததால் துணிகள் எரியவில்லை. ஆனால் தண்ணீரும் புகையும் பட்டிருக்கலாம், உள்ளே போய்ப் பார்க்கும் வரை தெரியாது என்று அப்படியே எழுதினோம். ரசீது கையில் இல்லாவிட்டாலும் போன் எண்ணைச் சொன்னால் பார்த்துக்கொடுக்கலாம், முன்பண விவரம் கணினியில் இருந்தது. திருமணத் தேதி நெருங்கியவர்கள் முதலில் பேசட்டும் என்று கேட்டுக்கொண்டோம். பணம் திரும்ப வேண்டுமென்றால் திரும்ப, வேறு சேலை வேண்டுமென்றால் வேறு சேலை.

இந்த அறிவிப்பை வாட்ஸப்பில் மட்டும் விடவில்லை. வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எதிர்க்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினார்கள். முன்பணம் கொடுத்தவர்களில் நிறையப் பேர் வயலில் நடவு வேலை பார்க்கிறவர்கள், போனில் எழுத்தைப் படிப்பவர்கள் இல்லை. அன்று காலையில் அந்தத் தாளை ஒரு பெண் வாய்விட்டுப் படிக்க, பின்னால் நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சம்பளம் தேதிக்கு வருமாம்" என்ற வரியை மட்டும் ஒருவர் திரும்பப் படிக்கச் சொன்னார். அவர் மகள் அந்தக் கடையில் மடிப்புப் பிரிவில் இருக்கிறாள்.

தீக்குக் காரணம் பற்றிக் கடை அதன் பிறகும் எதுவும் சொல்லவில்லை. தீயணைப்புத் துறையின் அறிக்கை வந்தபோது அதைக் காப்பீட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், கேட்ட நிருபர்களைத் துறையிடமே கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது அறிவிப்பு அந்த வாரக் கடைசியில் போனது. அதில் தைத்த ரவிக்கைகளைப் பட்டியல் போட்டு, எது நல்ல நிலையில் இருக்கிறது, எது புகை பட்டுப் போயிற்று, எதற்குப் புதுத் துணி கொடுத்துத் தைத்துத் தருவார்கள் என்பது மட்டும் இருந்தது.